கும்பிட்டால் நிற்கும் மிஷின்

"எங்க பேக்டரியில ஒரு மிஷின் இருக்கு. அஞ்சு குதிரை பூட்டி இழுத்தாலும் நிக்காது. ஆனா ரெங்கம்மா கும்பிட்டா நின்னுடும்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயுள்ள அஸீஸ் நானாவின் தேத்தண்ணிக் கடையில் வீரசிங்கம் இப்படி அறிவித்தபோது கடையில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் சிரித்த சிரிப்பில், மலை பல தாண்டிப் பெரகலச் சந்தியில் நின்ற பஸ்ஸின் கண்ணாடி அதிர்ந்தது என்பார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் பதினெட்டாவது ஆள். சீனி வாங்க வந்து வாசலில் நின்ற டீமேக்கர் புவனேந்திரன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்கல் தோட்டத்துப் பேக்டரியில் தேயிலை எப்படி வரவேண்டும், யார் எங்கே நிற்கவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற ஐயா. இருபத்தாறு வருடச் சேவையில் இரண்டு தடவைதான் சிரித்தார் என்று கணக்கு. அதிலும் ஒன்று தும்மலாக இருக்கலாம்.

"வீரசிங்கம், என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? கும்பிட்டா மிசின் நிக்குமோ? அது என்ன, கோயிலே?"

"நிக்கும் ஐயா. நாளைக்குக் கொழும்பு இன்ஜினியர் வாறாருல்ல, அவரு முன்னாடியே காட்டுறேன். நிக்கலைன்னா ரெங்கம்மாவோட நானும் மலைக்குப் போய் கொழுந்து எடுக்கிறேன். கூடை நீங்களே கட்டி விடுங்க."

"கட்டி விடுறன்," என்றார் புவனேந்திரன். சொன்னால் செய்கிற மனுஷன். சீனிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

வீரசிங்கம் பால் விடாத பிளேன்டியை உறிஞ்சினார். தோட்டத்து எலக்ட்ரீசியன். வயது ஐம்பத்தெட்டு. அவரிடம் ஒரு டெஸ்டரும் ஒரு மூக்குக் கண்ணாடியும் தவிர வேறு ஆயுதம் கிடையாது. ஆனால் வாய் இருந்தது. அந்த வாயின் பேச்சை இந்தத் தடவை காப்பாற்றியே ஆகவேண்டும். ஏனென்றால் புவனேந்திரனின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் ரெங்கம்மா பேக்டரி வேலைக்கு வரத் தேவையில்லை, மலைக்குப் போகவேண்டும் என்கிற கடிதம்.

ரெங்கம்மா மலைக்குப் போக முடியாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மழையில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் போய்விட்டது. கொழுந்துக் கூடையோடு அந்தச் சரிவில் ஏறுவது கிடக்கட்டும், குடியிருக்கிற லயத்துப் படி ஆறும் ஏறுவதற்குள் அவளுக்கு ஆறு ஊர்த் தெய்வமும் ஞாபகம் வரும். நின்ற இடத்தில் செய்கிற வேலை என்றுதான் பேக்டரியில் ரோலருக்குப் போட்டார்கள். அதுவும் போனால் வேறு வேலை இல்லை.

ரோலர் என்றால் சின்னச் சாமானா? வாடிய கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற அந்த இரும்பு ராட்சசன் ஒரு சுற்றுச் சுற்றினால் பதுளையில் தூங்குகிற பிள்ளை அங்கே புரண்டு படுக்கும். மேல்மாடியில் வாடிய கொழுந்து ஒரு தொட்டி வழியாக ரோலருக்குள் விழும். முன்பெல்லாம் தொட்டியில் ஒரு தடவைக்கான கொழுந்தை மட்டும் நிறுத்துப் போடுவார்கள். கீழே நிற்கிறவள் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொழுந்து முழுக்க விழுந்து முடிந்ததும் விடுவாள். ரெங்கம்மா நாலு வருடம் அப்படித்தான் பிடித்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்து கைப்பிடியைக் கழற்றிவிட்டது. அதன் இடத்தில் ஒரு பச்சைப் பொத்தான். தொட்டியில் இப்போது கொழுந்து எப்போதும் நிறைந்தே இருக்கும். பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் தொட்டிக் கதவு ஆறு செக்கன் திறக்கும், தானாக மூடும். ஆறு செக்கனில் விழுகிறதுதான் ஒரு ரோலருக்கு அளவு. இதையெல்லாம் பார்த்துக்கொள்வது சுவரிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பிஎல்சி. தோட்டத்தில் அதற்கு 'கம்பியூட்டர் பெட்டி' என்று பெயர். சிலர் அதற்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் காட்டினார்கள்.

வந்த மூன்றாவது நாளே முதலாம் ரோலர் தொண்டை அடைத்துக்கொண்டது. அளவுக்கு இரண்டு பங்கு கொழுந்து. மோட்டார் முனகி, மூச்சு முட்டி, நின்றது. கொழுந்து உள்ளே சூடேறி ஒரு முழுச் சுற்றுத் தேயிலையும் பாழ். அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த வாரம் மூன்று தடவை. எல்லாம் முதலாம் ரோலரில், ரெங்கம்மா நிற்கும்போது. பக்கத்து ரோலரில் நிற்கும் தம்பையாவுக்கு ஒரு தடவைகூட இல்லை.

"நீ எத்தினை தரம் அமத்தினனீ?" என்று புவனேந்திரன் கேட்டார்.

"ஒரு தடவைதாங்க ஐயா."

"ஒரு தரம் அமத்தினா ரெண்டு பங்கு விழுமோ?"

கொழும்புக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இன்ஜினியர் பார்த்தீபன் அங்கிருந்து தெளிவாகச் சொன்னார். பொத்தானை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்தாலும் மிஷினுக்கு அது ஒரே ஒரு தட்டுத்தான். அமுக்கும் அந்த ஏறும் கணத்தை மட்டும் அது பார்க்கும். அதற்குப் பெயர் வன்-ஷொட். ஆகவே இரண்டு பங்கு விழுந்தால் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

புவனேந்திரன் நியாயஸ்தர். நேரில் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு நாளல்ல, மூன்று நாள். அவர் பார்க்கும்போதெல்லாம் அளவு கச்சிதம். தங்கக் கடைத் தராசு தோற்றது. அவர் அந்தப் பக்கம் போனதும் மிஷின் அடைத்தது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஐயா இருந்தால் ஒழுங்காக அமுக்குகிறாள், இல்லாவிட்டால் விளையாடுகிறாள். கடிதம் தயாரானது.

வீரசிங்கத்துக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சனிக்கிழமை கூரையில் ஒரு பல்ப் மாற்ற ஏணியில் ஏறி நின்றபோது, மேலிருந்து கீழே பார்த்தார். ரெங்கம்மா பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுக்கவில்லை. கொழுந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அவள் அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் ரோலர் பொங்கி வழிகிறதே என்று பயந்து விரலை எடுத்தாள். பயம் சீக்கிரம் வந்தால் ரோலர் தப்பும், பிந்தினால் அடைக்கும். கொழுந்து நின்றது.

வீரசிங்கம் ஏணியை விட்டு எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. பறந்திருக்கவும் கூடும்.

"ஏம்மா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற?"

"விழுந்து முடியட்டும்னு அண்ணே. கைப்பிடி இருந்தப்ப அப்படித்தானே செஞ்சோம்? ஆனா இது முடியவே மாட்டேங்குதே."

ரோலரைக் காலி செய்து முடித்தபோது புவனேந்திரன் கதவருகே தலை காட்டினார். அடுத்த தடவைக்காக ரெங்கம்மா பொத்தானை அமுக்கிய நேரம். ஐயாவைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்து இரண்டு கையையும் கூப்பினாள். பொத்தானை விட்டும் கொழுந்து விழுந்தது, ஆறு செக்கன், கணக்காக நின்றது. ஐயா தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வீரசிங்கத்தின் மண்டைக்குள் ஆயிரம் வாட்ஸ் எரிந்தது. மூன்று நாளும் ஐயா வந்து நின்றார். மூன்று நாளும் இவள் கும்பிட்டாள். கும்பிடுவதற்குக் கை வேண்டும். கை பொத்தானை விட்டது. தம்பையாவோ ஒரு காலத்தில் கரண்ட் அடி வாங்கியவன். பொத்தானைச் சுடுசட்டியைத் தொடுகிற மாதிரி தொட்டுவிட்டு இரண்டடி பின்னால் பாய்வான். அவனும் பிடிப்பதில்லை. பிடிப்பவள் இவள் ஒருத்திதான், அதுவும் ஐயா இல்லாதபோது.

"இனிமே தட்டிட்டுக் கைய எடுத்துடு. அடைக்காது," என்றார்.

ரெங்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாச் சொன்னீங்கண்ணே. இன்னைலேருந்து அடைக்கலைன்னா ஐயா என்ன சொல்லுவாரு? பயந்து திருந்திட்டா, இவ்வளவு நாளும் இவதான் ரெண்டு தடவ அமுக்கியிருக்கான்னு சொல்ல மாட்டாரா? நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடாதா?"

வீரசிங்கம் நேராகக் கம்பியூட்டர் பெட்டியைத் திறந்து, கதவின் உள்பையில் கம்பெனி விட்டுப்போன படத்தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். ஏணிப் படம். இரண்டு பக்கமும் நெட்டுக் கோடு, நடுவே படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். முப்பது வருடம் ரிலே வயரிங் படம் பார்த்த கண்ணுக்கு அது அந்நிய பாஷையல்ல. ஞாயிறு காலைக்குள் ஒரு படியில் விரலை வைத்துவிட்டார். பிறகுதான் பசறைக்குப் போனார், வாயைத் திறந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பார்த்தீபன் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். நல்ல பிள்ளை. முப்பது வயதிருக்கும். கொழும்பிலிருந்து இருநூற்றுச் சொச்சம் வளைவுகளையும் வயிற்றுக்குள் வைத்திருந்ததால் முகம் பச்சைக் கொழுந்து நிறத்தில் இருந்தது. ரோலரை நிறுத்தி, தொட்டிக்குக் கீழே சாக்கை விரித்தார்கள்.

"ரெங்கம்மா, அமுக்கு," என்றார் வீரசிங்கம். "ஆனா கைய எடுக்காதே."

அவள் அமுக்கினாள். எதிரே ஐயா. கை தானாகப் பறந்து கும்பிட்டது. ஆறு செக்கன். நின்றது.

"பாத்தீரோ?" என்றார் புவனேந்திரன்.

"ஐயா, கும்பிடாதேன்னு நீங்களே சொல்லுங்க."

புவனேந்திரனுக்கு இப்படியொரு உத்தரவு போட்டுப் பழக்கமில்லை. செருமினார். "இண்டைக்குக் கும்பிடத் தேவையில்லை."

அவள் அமுக்கினாள். பல்லைக் கடித்தாள். கை பறந்தது. கும்பிட்டது.

"முடியலைங்க ஐயா. மன்னிச்சுக்குங்க," என்றாள், மன்னிப்புக் கேட்கும்போதும் கும்பிட்டாள். ஐயா முதுகைக் காட்டி நின்று பார்த்தார். முதுகுக்கும் கும்பிடு விழுந்தது. தம்பையா வாயைப் பொத்திக்கொண்டு ரோலருக்குப் பின்னால் போய்விட்டான்.

"தள்ளு!" என்று புவனேந்திரனே வந்து பொத்தானில் பெருவிரலை வைத்தார். "வீரசிங்கம், இப்ப பாரும். நான் அமத்திப் பிடிக்கிறன். ஆறு செக்கனிலை நிக்கும். பிறகு கூடை கட்டுவம்."

அமுக்கினார். கொழுந்து விழுந்தது. மூன்று. ஐந்து. ஆறு. ஏழு. பத்து. சாக்கில் குவியல் எழும்பியது. பதினைந்து. குவியல் நமுனகுல மலையை எட்டிப் பார்த்தது.

"நிக்குதில்லையே!" என்றார் ஐயா.

"கைய எடுங்க ஐயா!" என்று பார்த்தீபன் கத்தினார்.

ஆனால் இருபத்தாறு வருடமாகத் தப்பாத மனுஷனுக்கு முதல் தடவையாக உலகம் தப்பிக்கொண்டிருந்தது. விரல் பொத்தானில் ஒட்டிப்போய்விட்டது. கொழுந்து முழங்காலுக்கு வந்தது. அப்போது ரெங்கம்மா, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

புவனேந்திரன் மரியாதைக்காரர். யார் கும்பிட்டாலும் திருப்பிக் கும்பிடாமல் விட்டதில்லை. கை தானாகப் பொத்தானை விட்டு எழுந்து கூப்பியது.

கொழுந்து நின்றது.

தொட்டியிலிருந்து கடைசியாக ஒரு இலை மட்டும் ஆடி ஆடி இறங்கி ஐயாவின் தலையில் உட்கார்ந்தது.

"சொன்னேனே," என்றார் வீரசிங்கம். "கும்பிட்டா நிக்கும்."

பிறகு படத்தாளை விரித்தார். "தம்பி, உங்க வன்-ஷொட் சரி. அமுக்குன கணத்துல ஒரு துடிப்பு வரும், பெட்டி படத்தை மேலயிருந்து கீழ ஒரு தடவ படிச்சு முடிக்கிற நேரம் மட்டும் இருக்கும், போயிடும். ஆனா அந்தத் துடிப்பை லாட்ச் பண்ணிப் பூட்டி வச்சிருக்கீங்களே, ஏன்?"

பார்த்தீபன் முகம் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்தது. "பொருத்தின அன்னைக்கு அந்தத் துடிப்புக்கு ஒரு லைட் போட்டுப் பார்த்தேன் அங்கிள். எத்தனை தரம் அமுக்கியும் லைட் எரியல. வேலை செய்யலன்னு நினைச்சு லாட்ச் பண்ணினேன். அப்ப எரிஞ்சது."

"எரியாது தம்பி. செக்கன்ல நூறுல ஒரு பங்கு வந்து போறதுக்கு எந்த பல்ப் எரியும்? கண் சிமிட்டுறதே அதுக்குப் பத்து மடங்கு. லாட்ச் பண்ணினா அது துடிப்பே இல்ல, அணைக்கிறவரைக்கும் எரியிற விளக்கு. அதை எங்க அணைச்சீங்க?"

"பொத்தானை விடும்போது. இறங்கும் விளிம்புல."

"அதான்! விரல் பொத்தான்ல இருக்கிறவரைக்கும் அது அணையல. ஆறு செக்கன் மணிக்கூடு 'மூடு'ங்குது. அதுக்குக் கீழ்ப் படியில இது 'திற'ங்குது. ஏணியில கடைசியாச் சொன்னவன் பேச்சுத்தான் எடுபடும். மிஷின் இவ விரல எடுக்கட்டும்னு காத்திருக்கு. இவ மிஷின் நிக்கட்டும்னு காத்திருக்கா. ரெண்டு பேருமே நல்லவங்க!"

பார்த்தீபன் மடிக்கணினியைத் திறந்தார். இரண்டு ரோலரின் லாட்சையும் கழற்றினார். துடிப்பைச் சாதாரணத் துடிப்பாக விட்டார். பெட்டிக்குள் ஏற்றினார்.

"இப்ப சரி," என்றார். புவனேந்திரனே மறுபடி விரலை வைத்தார். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

நிற்கவில்லை.

விரலை எடுத்துவிட்டு ஐயா மெதுவாகத் திரும்பினார். எல்லோரும் பார்த்தது வீரசிங்கத்தை அல்ல, ரெங்கம்மாவை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் கண்ணில் மலைச்சரிவு தெரிந்தது. வீரசிங்கம் விரல் வைத்த படி சரி செய்தாயிற்று. வேறு என்ன?

கண்ணாடியைத் துடைத்தார். படத்தாளை மறுபடி எடுத்தார். முதல் பக்கம் முதலாம் ரோலர். இரண்டாம் பக்கம் தம்பையாவின் ரோலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார்.

"தம்பி, வன்-ஷொட்டுக்குப் பக்கத்துல ஒரு இலக்கம் இருக்கே. ஏழு. இது என்ன?"

"ஞாபகப் பெட்டி. போன தடவை பார்த்தப்ப பொத்தான் அமுங்கி இருந்ததான்னு அதுலதான் எழுதி வைக்கும். அதை வச்சுத்தான் புதுசா அமுக்கினதா, பழசான்னு தெரியும்."

"தம்பையா ரோலருக்கு?"

"அதுக்கு..." பார்த்தீபன் எட்டிப் பார்த்தார். தலையில் கையை வைத்தார். "அதுக்கும் ஏழு! முதல் பக்கத்தைக் கொப்பி பண்ணிப் போட்டேன் அங்கிள். பொத்தான், கதவு, மணிக்கூடு எல்லாம் மாத்தினேன். இறங்கும் விளிம்புக்குக்கூட வேற பெட்டி குடுத்தேன். இது ஒண்ணு விட்டுப்போச்சு."

"ஐயா," என்று வீரசிங்கம் புவனேந்திரன் பக்கம் திரும்பினார். குரலில் பழைய சுருதி ஏறிவிட்டது. "காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல ரெண்டு கங்காணிக்கு ஒரே சிலேட்டுக் குடுத்தா என்ன ஆகும்? முதல் கங்காணி 'ரெங்கம்மா வந்துட்டா'ன்னு எழுதுவாரு. ரெண்டாவது கங்காணி தன் ஆளு வரலைன்னு அதை அழிச்சிடுவாரு. முதல் கங்காணி மறுபடி பாப்பாரு, சிலேட்டு காலி. 'அடடே, ரெங்கம்மா இப்பத்தான் வாறா'ம்பாரு. செக்கனுக்கு நூறு தடவ புதுசா வருவா! ஒரு தடவ அமுக்கினது நூறு தடவ அமுக்கினதா ஆகிடுது."

புவனேந்திரன் ரெங்கம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப... இவள் ஒரு தரம்தான் அமத்தினவள்."

"ஒரு தடவைதாங்க ஐயா," என்றாள் ரெங்கம்மா. மூன்று வாரமாகச் சொன்ன அதே வார்த்தை.

பார்த்தீபன் இரண்டாம் ரோலரின் ஏழை எட்டாக்கிப் பெட்டிக்குள் ஏற்றினார். "புது இலக்கத்தை எழுதி வைக்க ஒரு தாள் இருக்கா?" என்று கேட்டார். "அடுத்து வாறவனுக்குத் தெரியணும்."

புவனேந்திரன் சட்டைப் பையில் கையை விட்டு மடித்த கடிதத்தை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நீட்டினார். 'இரண்டாம் ரோலர், ஞாபகப் பெட்டி எட்டு' என்று பார்த்தீபன் அதில் எழுதி, கம்பியூட்டர் பெட்டிக் கதவுக்குள் ஒட்டினார். கடிதம் எழுதின பக்கம் தகரத்தோடு தகரமாய்ப் போனது.

"ரெங்கம்மா, நீ அமத்து," என்றார் ஐயா. "விழுந்து முடியுமட்டும் பிடி. நீ பிடிச்சது பிழையில்லை."

அவள் அமுக்கினாள். வலக்கையை எடுக்கவில்லை, இந்தத் தடவை இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பறந்துவிடாமல். கொழுந்து விழுந்தது. மூன்று. நாலு. பேக்டரியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் கொழுந்து பறந்திருக்கும். ஐந்து. ஆறு.

டக்.

கதவு மூடியது. விரல் இன்னும் பொத்தானில். ஒரு இலை விழவில்லை. தம்பையாவும் தன் பொத்தானை, வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தான். ஆறு. டக். கரண்டும் அடிக்கவில்லை.

ரெங்கம்மா விரலை எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு சாக்கிலிருந்த கொழுந்தை அள்ளிக் கட்ட நேரமாகிறதே என்று ஞாபகம் வந்து இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அஸீஸ் நானாவின் கடையில் நாற்பது பேர். எழுபது என்றும் சொல்வார்கள். வீரசிங்கம் கதையைச் சொல்லி முடித்தார். அவர் சொன்னதில் கொழுந்துக் குவியல் கூரையைத் தொட்டிருந்தது. புவனேந்திரன் கழுத்தளவு புதைந்திருந்தார்.

"அண்டப் புளுகு!" என்றார் அஸீஸ் நானா. "கும்பிட்டதுக்கு மிஷின் நிண்டதாம். இந்தாளுக்கு இனி கடன் தேத்தண்ணி இல்ல."

அப்போது சீனி வாங்க வந்து வாசலில் நின்ற ஒருவர் செருமினார். கடை முழுக்கத் திரும்பியது.

"குவியல் முழங்காலுக்குத்தான் வந்தது," என்றார் புவனேந்திரன். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கினார். போகத் திரும்பினார். நின்றார்.

"மற்றதெல்லாம் உண்மை. அவள் கும்பிட்டவள், நானும் கும்பிட்டனான், மிசின் நிண்டது."

இருபத்தாறு வருடத்தில் மூன்றாவது சிரிப்பு. தும்மல் இல்லை, எல்லோரும் பார்த்தார்கள்.